உதவி கேட்கும் கடிதமும் எட்டாம் கற்பனையும்



அர்ச். பிரான்சிஸ்கு சவேரியார் 1542-ம் வருடக் கடைசியில் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. போர்த்துக்கீசும் தமிழும் ஓரளவு அறிந்த சிலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மாதக்கணக்காக உழைத்து, செபங்களைத் தமிழில் பெயர்த்து, அவற்றை மனப்பாடம் பண்ணி ஊர் ஊராகச் சென்று சொல்லிக்கொடுத்தார். அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழை இருந்தது. விசுவாசப் பிரமாணத்தில் "விசுவசிக்கிறேன்" என்று வரவேண்டிய இடத்தில் "வேண்டும்" என்ற பொருள் தரும் சொல் விழுந்துவிட்டது. இதை அறிந்ததும் அவர் சும்மா இருந்துவிடவில்லை. 1544-ல் தம் தோழர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், "வேணும்" என்பதை நீக்கி, விசுவசிக்கிறேன் என்று பொருள்படும் சொல்லையே சொல்லும்படி திருத்தி எழுதினார்.

"வேண்டும்" என்பது வேறு, "உண்மை என்று ஏற்கிறேன்" என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும் ஆபத்து, நம் பங்குகளில் இன்றும் நடக்கும் ஒரு சின்ன வேலையில் மறைந்திருக்கிறது. அந்த வேலை, ஏழைகளுக்காக வெளிநாட்டு உபகாரிகளிடம் உதவி கேட்டுத் தமிழில் எழுதப்பட்ட கடிதத்தை ஆங்கிலத்தில் பெயர்ப்பது. நமக்கு வேண்டியது கிடைக்க வேண்டும் என்ற ஆசையிலே, நடந்ததற்கு மேலாக ஒரு சொல்லை வைத்துவிடுகிறோம். இது பாவமா, பிறர் சிநேகத்தின் பொருட்டு மன்னிக்கத்தக்க சாமர்த்தியமா என்பதே இவ்வாரம் நாம் ஆராயும் கேள்வி.

அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையை எடுத்துக்கொள்ளுங்கள். 1833-ல் பாரிஸ் நகரில் முத். பிரெடெரிக் ஓசானாமும் அவருடைய தோழர்களும் தொடங்கிய இச்சபையில், ஒரு நாட்டின் பங்குச் சபையை இன்னொரு நாட்டின் பங்குச் சபையோடு இணைத்துவைக்கும் வழக்கம் உண்டு. ஆஸ்திரேலியாவிலோ அயர்லாந்திலோ உள்ள சபையார் நம் நாட்டுச் சபையாருக்குச் சகோதரராகிறார்கள், கடிதங்கள் போய்வருகின்றன. நம் சபைச் செயலாளர் தமிழில் எழுதுவார். அதைப் பெயர்த்துத் தரும்படி ஓய்வு பெற்ற ஆசிரியரிடமோ, அழகப்பர் கல்லூரியில் படித்த ஒரு பிள்ளையிடமோ கொண்டுவந்து, "கொஞ்சம் உருக்கமா எழுதிக் கொடுங்க சார், வாசிச்சா கண்ணுல தண்ணி வரணும்" என்று கேட்டுக்கொள்வார். அப்படி ஒரு நாள் உங்களிடமே இந்தக் காகிதம் வரலாம்.

உதாரணத்துக்காக ஒரு கடிதத்தை நாமே எழுதிப் பார்ப்போம். இதில் வருபவர் எந்தப் பங்கிலும் உள்ள குறிப்பிட்ட ஒருவர் அல்லர்; ஆனால் இவரைப் போன்றவரை நீங்கள் அறிவீர்கள்.

"அன்புள்ள சகோதரர்களுக்கு, உங்கள் பாதம் பணிந்து எழுதிக்கொண்டது. எங்கள் பங்கில் ஒரு கைம்பெண் இருக்கிறார். கணவர் குடிகாரர். மூன்று வருஷத்துக்கு முன் திருப்பூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டாராம். இரண்டு அநாதைப் பிள்ளைகள். பல நாள் பட்டினி. வீடு ஒழுகுகிறது. ஓடு மாற்ற நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் தேவை. நீங்களே எங்களுக்குத் தெய்வம்."

இக்கடிதத்தை எழுதிய செயலாளர் பொய் சொல்லவில்லை. தமிழில் இதை வாசிக்கும் நாம் ஒவ்வொரு சொல்லையும் அதனதன் எடைக்கு எடுத்துக்கொள்கிறோம். "பாதம் பணிந்து" என்றால் மரியாதை என்று அறிவோம். "நீங்களே தெய்வம்" என்றால் நன்றியின் மிகுதி என்று அறிவோம். சொல்பவரும் கேட்பவரும் ஒரே வழக்கில் பிறந்தவர்கள் ஆகையால் அங்கே ஏமாற்றம் இல்லை. அதே சொற்களை எழுத்துக்கு எழுத்து ஆங்கிலத்தில் வைத்தால் என்ன ஆகிறது? பாதம் பணிதல் அடிமைத்தனமாகத் தோன்றுகிறது. மனிதரைத் தெய்வமென்பது, கத்தோலிக்கரான அந்தச் சகோதரருக்கு இடறலாகவே இருக்கும். இவ்விடத்தில் சொல்லை விட்டுப் பொருளைப் பெயர்ப்பதே உண்மை. "மரியாதையோடு எழுதுகிறோம்" என்றும், "உங்கள் உதவியை நன்றியோடு நினைப்போம்" என்றும் ஆங்கிலத்தில் வைத்தால் தமிழில் சொன்னது குறையாது.

இது எளிய இடம். கடினமான இடங்கள் மூன்று உள்ளன.

முதலாவது, "அநாதை" என்ற சொல். நாதன் இல்லாதவர், காப்பாற்ற ஆள் இல்லாதவர் என்பதே அதன் பொருள். தகப்பனை இழந்த பிள்ளையைப் பார்த்து இரக்கத்தோடு "அநாதையாய் நிற்கிறதே" என்று தாயே சொல்லி அழுவது நம் ஊரில் உண்டு. அகராதியைத் திறந்தால் அதற்கு நேராக "ஆர்ஃபன்" என்று இருக்கும். அதைப் படிக்கும் மெல்போர்ன் நகரத்து மூதாட்டியின் மனத்தில் எழும் படம் எது? தாயும் தகப்பனும் இறந்து, யாருமில்லாமல் நிற்கும் இரண்டு குழந்தைகள். இவர்களுக்கோ தாய் இருக்கிறார். அந்தத் தாய் காரைக்குடியில் பலகாரக் கடை ஒன்றில் காலை முதல் மாலை வரை முறுக்குப் பிழிந்து இவர்களை வளர்க்கிறார். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப், பெற்றோரில் ஒருவரை இழந்தாலும் அச்சொல்லில் சேர்த்துக் கணக்கிடுகிறது என்பது மெய். அப்படிச் சேர்த்து அது 2015-ல் உலகத்தில் ஏறக்குறைய 14 கோடிப் பிள்ளைகள் என்று கணக்கிட்டது. அவர்களில் இருவரையும் இழந்தவர்கள் 1 கோடியே 51 லட்சம் பேர்தான். மற்றவர்களுக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார். ஆகவே அச்சொல்லை எழுதிவிட்டு, "யுனிசெஃப் கணக்குப்படி சரிதானே" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கேட்பவர் எதை விளங்கிக்கொள்வார் என்று அறிந்தே ஒரு சொல்லை வைத்தோமானால், அவர் விளங்கிக்கொண்டதற்கு நாமே பொறுப்பு. "தகப்பனை இழந்த பிள்ளைகள்" என்று எழுதுவதில் என்ன நஷ்டம்? அந்தத் தாய் கடிதத்திலிருந்து காணாமற்போகாமல் இருப்பாரே.

இரண்டாவது, "பட்டினி". ஒரு வேளை சாப்பிடாவிட்டாலும் பட்டினி என்கிறோம். தபசு காலத்தில் ஒருசந்தி இருப்பதையும் வேடிக்கையாகப் பட்டினி என்கிறோம். ஆங்கிலத்தில் "ஸ்டார்விங்" என்று எழுதினால் உயிர்போகும் பசி என்றே பொருள்படும். நம் மாகாணத்தில் 2011 ஜூன் முதல் அரிசிக் குடும்ப அட்டைதாரருக்கு ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது; அரசினர் பள்ளியில் மத்தியானம் சத்துணவு உண்டு. அக்கடிதத்தைப் படிக்கும் சபையில் இதை அறிந்த ஒருவர் இருந்தால், அந்த ஒரு சொல்லாலேயே கடிதம் முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அப்படியானால் இந்த வீட்டில் கஷ்டம் இல்லையா? உண்டு. அரிசி இருக்கிறது, பருப்பும் எண்ணெயும் மாதக் கடைசியில் இல்லை. கடைசி வாரத்தில் கஞ்சியும் ஊறுகாயுமே இரவுச் சாப்பாடு. தாய்க்குக் காய்ச்சல் வந்து வேலைக்குப் போகாத நாளில் கூலியும் இல்லை. இதை இப்படியே எழுதுங்கள். "பட்டினி" என்ற ஒரே சொல்லைவிட இந்த நான்கு வாக்கியங்கள் உருக்கமானவை. ஏனென்றால் இவற்றை யாரும் கற்பனை செய்து எழுத முடியாது. அந்த வீட்டுக்குப் போய், பானையைப் பார்த்து, கேட்டு அறிந்தவரே எழுத முடியும். வின்சென்ட் தே பவுல் சபையார் வீடு தேடிச் செல்ல வேண்டும் என்று விதித்திருப்பதின் பலன் இங்கேதான் தெரிகிறது.

மூன்றாவது, மிகச் சிறியது. அதனாலேயே கண்ணுக்குத் தப்புவது. "இறந்துவிட்டாராம்" என்று செயலாளர் எழுதியிருக்கிறார். அந்த "ஆம்" என்ற ஓரசையில் எவ்வளவு நேர்மை அடங்கியிருக்கிறது பாருங்கள்! "நான் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டேன்" என்று அது சாட்சி கூறுகிறது. தமிழிலே தானாக வரும் இந்த எச்சரிக்கை, ஆங்கிலத்தில் தானாக வராது. கவனமின்றிப் பெயர்த்தால் "இறந்துவிட்டார்" என்று நிச்சயமாகிவிடும். கேள்விப்பட்டவன் கண்ட சாட்சியாகிவிடுகிறான். ஆகையால் மொழிபெயர்ப்பவர் தமிழ்க் கடிதத்தில் "ஆம்", "போலிருக்கிறது", "என்கிறார்கள்" என்று வரும் இடங்களில் எல்லாம் பென்சிலால் கோடிட்டுக்கொள்ள வேண்டும். பிறகு செயலாளரிடம் கேட்க வேண்டும்: "இது நமக்கு எப்படித் தெரியும்?" மரணச் சான்றிதழைப் பார்த்திருந்தால் நிச்சயமாக எழுதலாம். இல்லையானால் "அவர் சொல்கிறபடி" என்று சேர்த்தே எழுத வேண்டும். அந்தச் சேர்க்கையால் இரக்கம் குறைவதில்லை. எழுதியவர்மேல் நம்பிக்கைதான் கூடுகிறது.

இன்னொரு சொல்லும் இருக்கிறது. "கணவர் குடிகாரர்." இது மெய்யாகவே இருக்கலாம். ஆயினும் மெய்யெல்லாம் எழுதத் தக்கதா? தக்க காரணமின்றிப் பிறருடைய மெய்யான குற்றத்தை வெளிப்படுத்துவதும் எட்டாம் கற்பனைக்கு விரோதம் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். இறந்தவர் தமக்காகப் பேச முடியாது. அவர் குடித்தார் என்பது ஓடு மாற்றுவதற்கு எவ்விதத்திலும் தேவைப்படவில்லை. கைம்பெண்ணின் துயரத்தைக் கூட்டிக்காட்டவே அது வந்திருக்கிறது. அதை விட்டுவிடுவது பொய்யாகாது. மௌனம் வேறு, பொய் வேறு. அதே சமயம், உபகாரி தீர்மானிப்பதற்கு அவசியமான ஒன்றை மறைத்தால் அந்த மௌனம் பொய்யின் பக்கம் சாய்ந்துவிடும். கைம்பெண் உதவித்தொகை அரசிடமிருந்து வருகிறதா? வேறொரு சபை பாதிப் பணம் தர ஒப்புக்கொண்டிருக்கிறதா? இவற்றைச் சொல்லத்தான் வேண்டும். பணம் தருபவரின் தீர்மானத்தை மாற்றக்கூடியது எதுவோ அதை மறைக்கலாகாது. வெறும் அவமானம் தருவது எதுவோ அதைச் சொல்லலாகாது.

இவ்விடத்தில் நல்ல மனமுள்ள ஒருவர் எழுந்து சொல்லக்கூடும்: "ஐயா, இதெல்லாம் சரி. ஐப்பசி மழை வருகிறது. இரண்டு பிள்ளைகள் நனைகின்றன. 'ஆர்ஃபன்' என்று எழுதினால் பணம் வருமென்றால், அந்த ஒரு சொல்லுக்காகப் பிள்ளைகளை நனையவிடுவதா? சொந்த லாபத்துக்கா எழுதுகிறோம்?" இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிடக்கூடாது. பொய்யைப் பற்றித் தனி நூலே எழுதிய அர்ச். அகுஸ்தீன், பிறருக்கு நன்மை செய்வதற்காகச் சொல்லும் பொய்யையும் அனுமதிக்கவில்லை; பொய்களை வகை வகையாகப் பிரித்து, சில பொய்கள் மற்றவற்றைவிட அற்பமானவை என்று ஒப்புக்கொண்டும், எதையும் நன்மை என்று சொல்ல மறுத்தார். ஆனால் நம் காரியத்தில் அவ்வளவு உயரத்துக்குப் போகவேண்டிய அவசியமும் இல்லை. அந்தப் பொய்யின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். மிகைப்படுத்திய கடிதம் ஒன்று வெளிப்பட்டால், எழுதியவருக்கு வெட்கம் ஒரு நாள். அடுத்த வருஷம் மெய்யாகவே தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைக்காக எழுதும் கடிதம் நம்பப்படாமற்போகும். நாம் திருடுவது உபகாரியிடம் மாத்திரமல்ல, நமக்குப் பின் வரும் ஏழையிடமும்தான்.

இதன் மறுபுறத்தையும் நம் தமிழ்நாட்டிலேயே காணலாம். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். எனினும் இந்த விஷயத்தில் அவருடைய நடத்தை கவனிக்கத்தக்கது. தாம் கண்டதை அப்படியே எழுதி அவர் அனுப்பிய கையெழுத்துப் பிரதி, வாசிப்போருக்கு உற்சாகம் ஊட்டும்படி மாற்றவேண்டும் என்று திருப்பி அனுப்பப்பட்டது. அவர் மாற்றவில்லை. 1903-ல் அது, உள்ளபடியே உள்ளவை என்ற பொருள்படும் தலைப்போடு புத்தகமாக வெளிவந்தது. அது மெய்தானா என்று சந்தேகம் கிளம்பியபோது, அங்கே வேலைசெய்த மற்றவர்களின் சாட்சியமும் பின் பதிப்பில் சேர்க்கப்பட்டது. இங்கே கவனியுங்கள்: அவரைத் தூண்டிய சோதனை துயரத்தைக் கூட்டச் சொல்லவில்லை, குறைக்கச் சொன்னது. வாசகருக்கு எது பிடிக்குமோ அதை எழுதச் சொல்வதே இரண்டு சோதனைகளின் வேர். நம் காலத்து அலுவலக ஆங்கிலத்தில், "பொருளாதாரத்தில் பின்தங்கிய பயனாளி" என்று எழுதி, ஒழுகும் வீட்டையும் நனையும் புத்தகத்தையும் காணாமலடிப்பதும் அந்த வேரில் முளைத்ததே. குளிர்ந்த வார்த்தையும் உண்மைக்குக் குறைவுதான்.

உதவி கேட்கும் கடிதத்துக்கு நம் வேதத்திலேயே ஒரு மாதிரி இருக்கிறது. அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம், ஒன்பதாம் அதிகாரங்களை வாசித்துப் பாருங்கள். ஜெருசலேமின் ஏழைகளுக்காக அவர் பணம் கேட்கிறார். அவர்களுடைய புண்ணையும் பசியையும் படம்பிடித்துக் காட்டவில்லை. தாங்களே ஏழைகளாயிருந்தும் மக்கெதோனியர் கொடுத்ததைச் சொல்கிறார். கட்டாயத்தால் கொடுக்க வேண்டாம் என்கிறார். பிறகு, இவ்வளவு பெரிய தொகையைக் கையாளுவதில் தம்மை ஒருவரும் குறைசொல்ல இடமிராதபடி, தீத்துவோடு சபைகளின் நம்பிக்கைக்குரிய சகோதரரையும் அனுப்புகிறார். அப்போஸ்தலருக்கே சாட்சிகள் தேவையாயிருந்தால், நமக்கு எவ்வளவு தேவை!

இப்பொழுது நம் கடிதத்துக்குத் திரும்புவோம். செயலாளரோடு ஒரு முறை அந்த வீட்டுக்குப் போய் வந்தபின், ஆங்கிலத்தில் எழுதவேண்டியதின் கருத்து ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அன்புள்ள சகோதரர்களே, எங்கள் பங்கில் உள்ள ஒரு தாயைப் பற்றி மரியாதையோடு எழுதுகிறோம். அவருடைய கணவர் மூன்று வருடங்களுக்கு முன் கட்டட வேலையில் இறந்துவிட்டார். சாரத்திலிருந்து விழுந்ததாக அவர் சொல்கிறார். அவர் பலகாரக் கடையில் தினக்கூலி வேலை செய்து, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார். அரசிடமிருந்து அரிசியும் சிறிய உதவித்தொகையும் கிடைக்கின்றன. மாதக் கடைசியில் மற்றவை போதவில்லை. அவர்களுடைய ஓட்டு வீட்டில் ரீப்பர் கட்டைகள் செல்லரித்து, ஓடுகள் சரிந்துவிட்டன. மழை பெய்யும் இரவுகளில் அடுப்படி மூலையில் மாத்திரம் ஒழுகுவதில்லை. மூவரும் அங்கே உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள். பள்ளிப் புத்தகங்களைச் சோற்றுப் பானையில் வைத்து மூடுகிறார்கள். கட்டையும் ஓடும் மாற்ற, கூலி உட்பட நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் ஆகும் என்று ஆசாரி கணக்குக் கொடுத்திருக்கிறார். எட்டாயிரம் ரூபாய் எங்கள் சபையார் சேர்த்திருக்கிறோம். மீதிக்கு உங்களால் இயன்றதைக் கேட்கிறோம். இயலாவிட்டாலும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்."

இதில் அழுகை என்ற சொல் இல்லை. இரக்கம் என்ற சொல்லும் இல்லை. சோற்றுப் பானையில் புத்தகம் இருக்கிறது. அதைப் படித்தவர் மனம் கரையாவிட்டால் அதற்குமேல் நாம் சேர்க்கும் எந்தச் சொல்லும் கரைக்கப்போவதில்லை.

ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. எழுதிய ஆங்கிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தத் தாயின் முன் உட்கார்ந்து, வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் திரும்பச் சொல்லுங்கள். இதைவிடச் சிறந்த சோதனை வேறில்லை. தமிழ்க் கடிதத்தை வாசித்துக்காட்டினால் போதாது; அந்நிய நாட்டுக்குப் போவது ஆங்கிலக் கடிதமே. பழைய கடிதத்தின் ஆங்கிலத்தை அவருக்கு அப்படிச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? "பட்டினின்னு எழுதாதீங்க ஐயா. எம் பிள்ளைகளை ஒரு நாளும் நான் பட்டினி போட்டதில்ல" என்று அவர் சொல்லியிருப்பார். அந்த ஒரு வாக்கியத்தில் மூன்று வருஷத்து உழைப்பும் மானமும் இருக்கின்றன. நாம் எழுதிய "உருக்கம்" அவற்றை அழித்துவிட்டு, அவரை வேறொருவராக்கிக் காட்டியிருக்கும். உபகாரிக்கு விரோதமாகச் சொன்ன பொய் என்று நாம் நினைத்தது, முதலாவதாக இந்தத் தாய்க்கு விரோதமான பொய்ச்சாட்சி.

அவர் ஏதாவதொன்றை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள். "அடுப்படியில உக்காந்து தூங்குறத எழுத வேணாம்" என்று சொன்னால், கடிதத்தின் உயிரே அதுவென்று உங்களுக்குத் தோன்றினாலும் எடுத்துவிட வேண்டும். உதவி வேண்டும் என்பதால் அவர் மறுக்க அஞ்சக்கூடும். ஆகையால், "இதை எழுதாவிட்டாலும் உங்களுக்காகக் கேட்போம்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். பிள்ளைகளின் பெயர், பள்ளி, படம் இவை வேண்டவே வேண்டாம். பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் பிள்ளைகளாகச் சட்டம் கருதுகிறவர்களின் அடையாளத்தை வெளிப்படுத்துவதை, 2015-ம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ம் பிரிவு தடைசெய்து தண்டனையும் விதித்திருக்கிறது. தாயோடு வாழும் பிள்ளைகளுக்குச் சட்டம் பொருந்தாதென்று வைத்துக்கொண்டாலும், நாளை வளர்ந்து அந்தக் கடிதத்தைப் படிக்கப்போவது அந்தப் பிள்ளைதான்.

கடைசியாக, கடிதத்தில் எழுதும் காரியமும் செலவிடும் காரியமும் ஒன்றாயிருக்க வேண்டும். "ஓடு மாற்ற" என்று தமிழில் இருப்பதை, அழகுக்காக "நலிந்த பிள்ளைகளின் நல்வாழ்வுக்கு" என்று ஆங்கிலத்தில் விரித்தால், உபகாரி ஒன்றை நினைத்துக் கொடுப்பார், நாம் வேறொன்றைச் செய்வோம். வெளிநாட்டுப் பணத்தைப் பொறுத்தவரை இது மனச்சாட்சியின் காரியம் மாத்திரமல்ல. 2010-ம் வருட அந்நிய நன்கொடைச் சட்டப்படி, மத்திய அரசிடம் பதிவோ முன்அனுமதியோ பெற்ற அமைப்பே அப்பணத்தை வாங்கலாம். எதற்காக வாங்கியதோ அதற்கே செலவிட வேண்டும். 2020-ம் வருடத் திருத்தத்துக்குப் பின் அது புதுடில்லியில் உள்ள ஸ்டேட் வங்கிப் பிரதானக் கிளையின் கணக்கிலேயே வந்து சேர வேண்டும்; வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. ஆகவே பங்குச் சபையின் சாதாரண வங்கிக் கணக்கு எண்ணைக் கடிதத்தின் அடியில் எழுதி அனுப்பிவிடாதீர்கள். எந்த அமைப்பு வாங்கும், அதுவே எப்படிச் செலவிடும் என்பதைக் குருவானவரிடமும் மேற்றிராசனத்து அலுவலகத்திலும் விசாரித்துக்கொண்டே அந்த வரியை எழுத வேண்டும்.

செட்டிநாட்டில் பிறந்த நமக்குக் கணக்கின் அருமை சொல்லித் தெரியவேண்டியதில்லை. இரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த காலத்தில், ஊரிலிருந்த முதலாளி கடல் கடந்த கடையைக் கண்ணால் பாராமலே, அங்கிருந்த ஏஜெண்டு அனுப்பும் ஐந்தொகையை வைத்தே நிலைமையை அறிந்தார். ஐந்தொகை இரு பக்கமும் சரியாக நின்றால் நம்பிக்கை நின்றது. தூரத்திலிருந்து தர்மம் செய்பவருக்கும் நம் கடிதமே ஐந்தொகை. முதல் கடிதத்தில் கேட்டது ஒரு பக்கம். மறு பக்கத்தை இரண்டாம் கடிதம் நிரப்ப வேண்டும். ஓடு மாற்றியாயிற்று, நாற்பத்தாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்தான் ஆயிற்று, மீதி ஆயிரத்து ஐந்நூறு கையில் இருக்கிறது, அதை என்ன செய்யலாம் என்று கேட்கிறோம்: இப்படி எழுதுங்கள். மழை பெய்த முதல் இரவில் அவர்கள் படுத்துத் தூங்கினார்களா என்பதையும், கேட்டு அறிந்தபின், எழுதுங்கள். கேட்டு அறியாவிட்டால் எழுதாதீர்கள்.